நடுக்கடலில் நனையாத ராஜா

டாரட் சீட்டு பார்ப்பவர்களிடம் எல்லாரும் கல்யாணம் எப்போது, வேலை கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அந்த மேஜைக்கு வருகிற கேள்விகளில் பெரும்பங்கு இன்னொருவர் மனசைப் பற்றியது. அதிலும் ஒரு வகைக் கேள்வி எனக்கு மனப்பாடம். வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். கோபப்பட மாட்டார், அழ மாட்டார், குரல் உயராது. "சாப்டியா", "பாத்துப் போ" என்பதற்கு மேல் அதிகம் பேச மாட்டார். ஊரெல்லாம் அவரைத் தங்கமான மனுஷன் என்று சொல்லும். பெற்ற பிள்ளைகளுக்கோ அவருக்குள் என்ன ஓடுகிறது என்று நாற்பது வருஷமாகத் தெரியாது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் வந்து உட்கார்ந்து கேட்பார்: "அப்பா மனசுல என்னதாங்க இருக்கு?"

இந்தக் கேள்விக்குச் சீட்டு வாசிப்பவர்கள் கைக்குச் சட்டென்று வருவது 'கிங் ஆஃப் கப்ஸ்'. கோப்பை ராஜா என்று வைத்துக்கொள்வோம். அமைதியான, பக்குவப்பட்ட, உணர்ச்சியை உள்ளே வைத்துக்கொள்கிற மூத்த மனிதர் என்பது இன்றைக்கு அந்தச் சீட்டுக்கு எல்லாரும் சொல்லும் பொருள். அதைச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தால் அது சொல்வது இவ்வளவு சாதுவான விஷயம் இல்லை.

டாரட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்டில் 78 சீட்டுகள். அதில் 22 சீட்டுகள் தனி வரிசை. சூரியன், மரணம், தூக்கில் தொங்குபவன் போன்ற படங்கள் அதில் வரும். மீதி 56, நம் வீட்டுச் சீட்டுக்கட்டைப் போல நான்கு இனமாகப் பிரியும்: கோல், கோப்பை, வாள், நாணயம். ஒவ்வொரு இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை, அப்புறம் ஏவலாள், குதிரைவீரன், ராணி, ராஜா. இது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். ஆளுக்குப் பலன் சொல்ல இதைப் பரவலாகப் பயன்படுத்தியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம் என்றெல்லாம் சொல்லும் கதைக்கு ஆதாரம் இல்லை. அதை ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் ஒரு தடித்த புத்தகமே எழுதி அலசியிருக்கிறார். கோப்பை என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் உணர்ச்சி என்கிற கணக்கும் பிற்காலத்தவர்கள் கட்டியதுதான்.

இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்கும் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. திட்டம் போட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். நெடுங்காலம் இந்தக் கட்டுக்குப் பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும்தான் இருந்தன. வரைந்தவளின் பெயரைக் காணோம். படத்தின் ஓரத்தில் பாம்பு நெளிவதுபோல் அவள் போட்ட கையெழுத்து மட்டும் தப்பிப் பிழைத்தது. 1951இல் கார்ன்வாலில் கடனோடு செத்துப்போனாள். அவள் ஒரு நாடகக்காரி என்பது நமக்கு இங்கே முக்கியம். லண்டன் லைசியம் தியேட்டர் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவள், மேடை அலங்காரமும் உடையும் வடிவமைத்தவள், அட்டைப் பொம்மைகளை வைத்துத் தானே குட்டி நாடகம் நடத்தியவள். மேடையில் நிற்கும் ஒருவன் எதைப் பார்க்கிறான் என்பதைப் போலவே எதைப் பார்க்கவில்லை என்பதும் பேசும் என்று அவளுக்குத் தெரியும். கோப்பை ராஜாவை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

ராஜா உட்கார்ந்திருப்பது கல் சிம்மாசனத்தில். அந்தக் கல் இருப்பது நடுக்கடலில். சுற்றிலும் அலை. கரையே கண்ணுக்குத் தெரியாது. வலது கையில் பெரிய கோப்பை, இடது கையில் சிறிய செங்கோல். பின்னால் ஒரு பக்கம் ஒரு கப்பல் அலையில் ஏறி இறங்குகிறது. மறுபக்கம் ஒரு மீன் துள்ளுகிறது. வெயிட் அதை டால்ஃபின் என்று எழுதியிருக்கிறார். ராஜாவின் பாதம் கல்லின் விளிம்புவரை நீண்டிருக்கிறது, ஆனால் தண்ணீரைத் தொடவில்லை. இவ்வளவு அலைக்கு நடுவில் உடுப்பில் ஒரு துளி ஈரம் இல்லை. கையில் கோப்பை இருக்கிறது, கண் கோப்பையில் இல்லை, வேறெங்கோ பார்க்கிறது. கப்பலுக்கும் மீனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதே இனத்தின் மற்ற மூன்று பேரையும் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் பிடிபடும். ஏவலாள் பொடியன். கடற்கரையில் நிற்கிறான். அவன் கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது. அவனும் அதோடு ஏதோ பேசப்போகிறவன்போல் நிற்கிறான். குதிரைவீரன் கோப்பையை முன்னால் ஏந்திக்கொண்டு, யாருக்கோ கொடுக்கப் போகிறவன்போல் நிதானமாகப் போகிறான். ராணி தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கோப்பை வேலைப்பாடு நிறைந்தது, மூடி போட்டது. ஆனால் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராஜாவிடம் வரும்போது கோப்பை திறந்திருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த மீன் என்ன ஆயிற்று? ராஜாவின் கழுத்தைப் பாருங்கள். சங்கிலியில் ஒரு மீன் பதக்கம் தொங்குகிறது. பொடியனோடு பேசிய உயிருள்ள மீன், பெரியவர் கழுத்தில் நகையாகிவிட்டது. உயிருள்ள மீனோ முதுகுக்குப் பின்னால், அவர் பார்க்காத கடலில் துள்ளிக்கொண்டிருக்கிறது.

இந்த மீன் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் பொல்லாக். 1980இலும் 1983இலும் இரண்டு பாகமாக வந்த அவருடைய டாரட் நூல்தான் இன்றைய வாசிப்பு முறைக்கு அடிப்படை. பொறுப்பும் வெற்றியும் வேண்டும் என்பதற்காகத் தன் கற்பனையையும் உணர்ச்சியையும் அடக்கப் பழகிக்கொண்ட மனிதனாக இந்த ராஜாவை அவர் பார்க்கிறார். 1911இல் வெயிட் எழுதிய விளக்கத்தில் இந்த அடக்கம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் கணக்கில் இது ஒரு வியாபாரி, வக்கீல் அல்லது மதகுரு. பொறுப்பானவர், கேட்டவருக்கு உதவக்கூடியவர். சீட்டு தலைகீழாக வந்தால் நேர்மையற்ற ஆள், இரட்டை வேடக்காரர், பெரிய நஷ்டம். அவ்வளவுதான். ஆக, வாய்திறவாத பெரியவர் என்ற பொருள் படத்திலிருந்து வந்தது, புத்தகத்திலிருந்து இல்லை. வரைந்தவளின் கை, எழுதியவரின் பேனாவைத் தாண்டிப் போய்விட்டது என்று சொல்வேன்.

வெயிட்டின் விதிகளை அப்படியே பின்பற்றினால் வேடிக்கையும் உண்டு. கேள்விக்கு உரிய ஆளைக் குறிக்க ஒரு சீட்டை எடுத்துவைக்க வேண்டும் என்கிறார். நாற்பதும் அதற்கு மேலும் வயதான ஆணுக்குக் குதிரைவீரன், நாற்பதுக்குக் கீழே என்றால்தான் ராஜா. நம் வீட்டுத் தாத்தாவுக்கு ராஜா கிடையாது! இனத்தைத் தலைமுடி நிறத்தையும் கண் நிறத்தையும் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார். கோப்பை என்றால் வெளிறிய பழுப்பு முடி, சாம்பல் அல்லது நீலக் கண். கருமுடியும் கருவிழியும் இருந்தால் நாணயம். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டில் ஒட்டுமொத்தமாக ஒரு கோப்பை ராஜாகூடத் தேற மாட்டார். சுபாவத்தைப் பார்த்தும் முடிவு செய்யலாம் என்று அவரே ஒரு வழி விட்டிருக்கிறார், நல்லவேளை. இப்போது எல்லாரும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

சரி, ஒரு பெரியவருக்கு இந்தச் சீட்டு வந்தால் என்ன சொல்வது? இங்கேதான் இரண்டு பக்கமும் சறுக்குகிறது.

முதல் சறுக்கல், அமைதியை நிம்மதி என்று படிப்பது. "உங்க அப்பா ரொம்பப் பக்குவப்பட்டவர்ங்க, எதையும் தாங்கிக்குவார், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவது. வந்தவர் கவலையோடு வந்ததே அந்த 'தாங்கிக்குவார்' சரியா என்று கேட்கத்தான். படத்தில் கடல் அமைதியாக இல்லை. அவர் நனையவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது சறுக்கல் இதற்கு நேர் எதிர். "உள்ளுக்குள்ள பெரிய சோகம் இருக்கு, யாருக்கும் தெரியாத ஒரு காயம்" என்று கதை கட்டுவது. மூத்த வயதில் யாருக்குத்தான் காயம் இல்லை? சொன்னால் பொருந்தத்தான் செய்யும். பேசாத எல்லாருமே துக்கத்தை மென்று விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் என்று அர்த்தம் இல்லை. சிலருக்குப் பேச்சு வராது, சிலருக்குத் தேவைப்படுவதில்லை. சீட்டைப் பார்த்து இதில் எது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியும் என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒரு வாசிப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். இது ஒரே ஆளின் கதை இல்லை, பலர் சொன்னதைச் சேர்த்துக் கட்டிய உதாரணம். நாற்பதைக் கடந்த ஒரு பெண். அப்பாவுக்கு எழுபத்தாறு. அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து இரண்டு வருஷம். சுடுகாட்டிலும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. காலையில் பேப்பர், சாயங்காலம் பூங்காவில் நடை, ஒன்பது மணிக்குப் படுக்கை. எல்லாம் முன்போலவே நடக்கிறது. பெண்ணுக்கு அதுதான் உறுத்துகிறது.

"அப்பா மனசுல என்ன இருக்குன்னு தெரியணும்" என்கிறார். வாசிப்பவர் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கேள்வியை மாற்றுவது. எதிரே இல்லாத ஒருவர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பதை நல்ல வாசிப்பாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர் சம்மதம் இல்லை என்பது ஒன்று. சொன்னதைச் சரிபார்க்க வழியே இல்லை என்பது அதைவிடப் பெரிது. அதனால் கேள்வி இப்படி ஆகிறது: "அப்பாவை நான் எப்படிப் பாக்குறேன், எங்க தவற விடுறேன், என்ன செய்யலாம்?" மூன்று கேள்வி, மூன்று சீட்டு.

முதலில் கோப்பை ராஜா. இரண்டாவது, கோப்பை ஐந்து. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்தே நிற்கின்றன. ஒரு ஆறு ஓடுகிறது, அதன்மேல் ஒரு பாலம், அக்கரையில் ஒரு கோட்டை. மூன்றாவது, கோப்பை ஆறு. ஒரு பழைய வீட்டு முற்றம்போல ஓர் இடம். ஒரு பையன், பூ நிறைந்த கோப்பையை ஒரு சிறுமியிடம் நீட்டுகிறான்.

கோப்பை ஐந்தைப் பார்த்ததும் நாக்கு நுனிக்கு வருவது, "உங்க அப்பா அம்மாவை நினைச்சு உருகுறார்" என்ற வாக்கியம். அதைச் சொல்லக் கூடாது. அம்மா இறந்ததை அந்தப் பெண்ணே இப்போதுதான் சொன்னார். அவர் சொன்னதையே ஜோடித்துத் திருப்பிக் கொடுப்பது வாசிப்பு ஆகாது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி: "இந்தப் படத்துல உங்க அப்பா எங்க இருக்கார்?"

கறுப்புப் போர்வை ஆளைத்தான் காட்டுவார் என்று எதிர்பார்ப்போம். பலரும் அப்படித்தான் காட்டுகிறார்கள். இந்தப் பெண் அக்கரைக் கோட்டையைக் காட்டுகிறார். "அங்க." அப்போ இந்தப் பாலம்? கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது அம்மா. அப்பாகிட்ட எது கேக்கணும்னாலும் அம்மாகிட்டதான் சொல்லுவோம். பரீட்சை ஃபீஸ்ல இருந்து என் கல்யாணம் வரைக்கும். அப்பா சொன்னாருன்னு அம்மாதான் வந்து சொல்லுவாங்க. அவர் நேரா எங்ககிட்ட என்ன சொன்னாருன்னு யோசிச்சா, ஒண்ணும் ஞாபகம் வரல."

வாசிப்பு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. அம்மா போனபின் அப்பா மாறிவிட்டார் என்ற எண்ணத்தோடு வந்தவர், அப்பா மாறவே இல்லை என்று கண்டுபிடிக்கிறார். அவர் என்றைக்கும் நடுக்கடலில்தான் இருந்தார். போக வர ஒரு வழி இருந்ததால் அந்தத் தூரம் யாருக்கும் உறைக்கவில்லை. இதைச் சீட்டு சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததுதான். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, 'இதில் யார் எங்கே' என்று கேட்டபோது வெளியே வந்தது. கிளி ஜோசியத்தில் கிளி எடுத்துக்கொடுக்கும் அட்டைக்குப் பலன் முன்பே எழுதியாகிவிட்டது, கேட்டுக்கொள்வதுதான் நம் வேலை. இங்கே பாதிப் பலனைக் கேட்க வந்தவரே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சீட்டுக்கு வருவோம். கோப்பை ஆறுக்குப் பழைய நினைவு, சின்ன வயது என்று பொருள் சொல்வார்கள். படத்தில் நடப்பது என்ன என்று பார்த்தால், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு பொருள் போகிறது. யாரும் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. இந்தப் பெண் இரண்டு வருஷமாக அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது, "எப்படிப்பா இருக்கீங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கா?" வந்த பதில், "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்." இப்படிப்பட்டவரிடம் மனசைக் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு பொருளைக் கேட்டால் திறக்கலாம். அம்மாவின் வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்கலாம். சமையல்கட்டுப் பக்கமே போகாத மனுஷன், "நெல்லிக்காய் அளவு. ஆனா பழைய புளியா இருக்கணும், புதுப் புளி போட்டா உங்கம்மா தொடமாட்டா" என்று சொல்லக்கூடும். அந்த வாக்கியத்தில் அவர் ஐம்பது வருஷம் கவனித்தது இருக்கிறது. அதற்கு மேல் தோண்டி, "அம்மா ஞாபகமாவே இருக்காப்பா?" என்று கேட்டால் அன்றைய பேச்சு அதோடு சரி.

இதெல்லாம் எந்தச் சீட்டு வந்திருந்தாலும் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், ஓரளவுக்கு ஆமாம். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு 'உங்கள் குணவிவரம்' கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதுவும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வாக்கியங்கள். "வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தவிப்பவர்" என்பதுபோன்ற வாக்கியம் யாருக்குப் பொருந்தாது? கோப்பை ராஜாவின் வழக்கமான பலன் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான். அதனால் ஒரு வாசிப்பில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க நான் சொல்லும் சோதனை எளியது. சொன்ன வாக்கியத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கும் அச்சாகப் பொருந்தினால் அது வெறும் காற்று. 'பாலம்தான் அம்மா' என்பது பக்கத்து வீட்டுக்குப் பொருந்தாது. அது அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குபவர்களைப் பற்றி ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்தால், அந்தப் படத்தின்மேல் இன்னொரு வெளிச்சம் விழுகிறது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். அருவருப்பூட்டும் ஒரு படத்துண்டைப் போட்டுக்காட்டி, சிலரிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்றார்கள். அவர்கள் முகம் அடங்கியது. உள்ளே தோன்றிய அருவருப்பு குறையவில்லை. வியர்வைச் சுரப்பிகளின் வேலைபோன்ற சில உடல் அறிகுறிகள் மற்றவர்களைவிடக் கூடின. நனையாத உடுப்பும் அலையடிக்கும் கடலும் ஒரே சட்டகத்தில்.

2003இல் எமிலி பட்லர் தலைமையில் நடந்த சோதனை இதைவிட நமக்குக் கிட்டத்தில் வருகிறது. முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனத்தை உலுக்கும் ஒரு படம் காட்டிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், எதிராளிக்குத் தெரியாமல், உணர்ச்சியைக் காட்டாதே என்று சொல்லிவைத்தார்கள். அப்படி அடக்கியவரோடு பேசிக்கொண்டிருந்த மற்றவரின் ரத்த அழுத்தம் ஏறியது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒட்டுதலும் குறைந்தது. ஒருவர் அமைதியாக இருக்க, அதன் பாரம் எதிரில் இருப்பவர் உடம்பில் இறங்குகிறது. நான்கு வருஷம் கழித்து அதே குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். அடக்கத்தை மதிக்கும் ஆசிய விழுமியங்களோடு வளர்ந்தவர்களிடம் இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. அடக்கம் என்பது மரியாதையாகவும் பண்பாகவும் புரிந்துகொள்ளப்படும் வீட்டில் அதே மௌனம் அவ்வளவு சுடுவதில்லை போலும். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து, பேசாத அப்பாவை எல்லாம் நோயாளி ஆக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் ஒரு வகை மௌனத்தை நான் பண்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டு தலைகீழாக வரும்போது அதைப் பற்றிப் பேசுகிறோம். பெரியவர் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் மூன்று நாள் பேசாமல் இருந்தே வீட்டை நடுங்கவைப்பார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துபோவார். என்ன குற்றம் என்று மருமகள் இரவெல்லாம் யோசிக்க வேண்டும். வெளியில் அவரும் தங்கமான மனுஷன்தான். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், அது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர் உள்ளே வரும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பேரக்குழந்தை போய் மடியில் ஏறினால் அது ஒரு ராஜா. டிவி சத்தம் தானாகக் குறைந்து, பேச்சு பாதியில் நின்றால் அது இன்னொரு ராஜா. வெயிட் 'இரட்டை வேடம்' என்று எழுதியது கொஞ்சம் கடுமைதான், ஆனால் அந்த வீட்டு மருமகளிடம் கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது என்பாள்.

சீட்டு மேஜையில் முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. முதியவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல நேரம் சோகமாக வெளியே தெரிவதில்லை. தூக்கம் கலைவது, பசி அடங்குவது, எடை குறைவது, எந்தப் பரிசோதனையிலும் காரணம் தெரியாத உடம்புவலி, தினமும் விரும்பிச் செய்ததைக் கைவிடுவது என்று வரும். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்றால், அந்த வாக்கியத்தை நம்பாமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். கோப்பை ராஜா பக்குவத்தின் சீட்டு என்று சொல்லி அந்த நாளைத் தள்ளிப்போடவைக்கும் வாசிப்பாளர் கெடுதல் செய்கிறார்.

சில சமயம் பிள்ளையோடு அந்தப் பெரியவரே வந்துவிடுவார். நம்பிக்கை இருந்து வருவதில்லை. "அவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்பார். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவருக்கும் ஒரு சீட்டு எடுக்கலாமா என்று கேட்டால், "எனக்கென்ன இருக்கு, எடுங்க" என்பார். கோப்பை ராஜா வந்தால், அல்லது வராவிட்டாலும் அதைத் தேடி எடுத்து முன்னால் வைத்தால், பலன் எதுவும் சொல்லக் கூடாது. 'நீங்கள் உணர்ச்சியை அடக்குபவர்' என்று எழுபத்தாறு வயது மனிதரிடம் சொல்வதில் மரியாதையும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, "ஐயா, இதுல என்ன தெரியுது?" என்று கேட்டால் போதும்.

கணக்குப் பார்த்தவர்கள் எண்ணிக்கையில் தொடங்குவார்கள். கோப்பை ஒன்று, மீன் இரண்டு, கப்பல் ஒன்று. பதக்கத்து மீனையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள், நாம் காட்ட வேண்டியதில்லை. அப்புறம் ஏதாவது ஒன்றில் கண் நிற்கும். சிலர் சிம்மாசனத்தைப் பார்த்து, "இது எப்படி மிதக்குது?" என்பார்கள். கப்பலைப் பார்க்கிறவர்கள் அது வருகிறதா போகிறதா என்று கேட்பார்கள். அப்போது திருப்பிக் கேட்கலாம்: "உங்களுக்கு எப்படித் தோணுது?" போகிறது என்று சொன்னால், யார் போகிறார்கள் என்று அவரே தொடர்ந்து சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். கப்பலைப் பற்றிப் பேசுகிறவரை நாமும் கப்பலைப் பற்றியே பேச வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பொறுக்காது. "அப்பா, அம்மாவைத்தானே சொல்றீங்க?" என்று நடுவில் புகுந்தால் காரியம் கெட்டது. "கப்பலைத்தாம்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதனால் நான் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்: அப்பா பேசும்போது நீங்கள் போய் மூன்று காபி வாங்கி வாருங்கள், அவசரம் இல்லை.